மௌனம் சம்மதம் ஆகுமா?



“முதல் முப்பது நாள் இலவசம்” என்கிறது ஒரு செயலி. ஒரு ரூபாய்கூட வாங்காத அந்த நாளிலேயே அது வங்கி அட்டை எண்ணைக் கேட்கிறது. நாம் ஓடிபி தருகிறோம். முப்பது நாள் கழிந்ததும் கணக்கிலிருந்து 299 ரூபாய் போகிறது. பத்து மாதம் கவனிக்காவிட்டால் 2,990 ரூபாய்.

மௌனத்தை மட்டும் கொண்டு ஒருவரை ஒப்பந்தத்தில் கட்டிவிட முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய நெறி. நிறுவனமோ, “முதல் நாள் குறியிட்டபோதே சம்மதித்துவிட்டீர்கள்” என்கிறது. வேண்டாம் என்று சொல்லும் சுமை இவ்வாறு நம் தலையில் ஏற்றப்படுகிறது. மறதியே அவர்களின் வருமானம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இத்தகைய தானியங்கிப் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். அதிலேயே மறுக்கும் வழியும் இருக்கவேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தங்களுக்கு மீண்டும் ஓடிபி தேவையில்லை. அறிவிப்பைப் படிக்காதவரின் மௌனம் அங்கேயும் சம்மதமாகிவிடுகிறது.

இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பிடித்த அனுமதியைக் கட்டாயப்படுத்துவதை, 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் ‘சந்தாப் பொறி’ எனத் தடை செய்கின்றன.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. சந்தாவை ரத்து செய்து, வங்கியில் கொடுத்த அனுமதியையும் திரும்பப் பெறுங்கள். பணம் போயிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.