ஏட்டுக்கும் அடைவுக்கும் இடையில் உள்ள வகுப்பறை



பாடத்திட்டம் என்பது ஒன்றல்ல, மூன்று. அரசு ஏட்டில் எழுதியது ஒன்று. ஆசிரியர் வகுப்பறையில் நடத்தியது மற்றொன்று. மாணவர் உண்மையில் கற்றது மூன்றாவது. 1980ஐ ஒட்டி நடந்த இரண்டாவது பன்னாட்டுக் கணித ஆய்வு இம்மூன்றையும் தனித்தனியே அளந்தது. தேர்வில் இடம்பெற்ற கணக்குகளை ஆசிரியரிடம் காட்டி, அதற்குரிய பாடம் நடத்தப்பட்டதா என்று கேட்டது.

நம் நாட்டு விவாதங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த நடுக்கண்ணியே. 2018ஆம் ஆண்டு ‘ஏசர்’ ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு மாணவரில் சுமார் 28 சதவீதத்தினரே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தனர். இது குழந்தைகளை வீடுகளில் சந்தித்து நடத்தும் ஆய்வு. இடைவெளியைக் காட்டும், அது எங்கே உண்டானது என்பதைக் காட்டாது.

அதை அறிய வகுப்பறைக்குள் செல்ல வேண்டும். குறிப்பேடுகளில் வகுத்தல் பாடமே இல்லையெனில், பள்ளி நடந்த நாட்களையும், காலிப் பணியிடங்களையும், ஆசிரியர் மீது சுமத்தப்பட்ட பிற பணிகளையும் கணக்கிட வேண்டும். பாடம் நடந்தும் வகுக்கத் தெரியவில்லையெனில், அதே மாணவருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தெரியுமா என்று பார்க்க வேண்டும். அதுவும் தெரியாதெனில், பாடத்திட்டம் அவரை விட்டுவிட்டு முன்னே ஓடியிருக்கிறது.

இதில் ஆசிரியர் கூற்று மட்டும் போதாது. பாடநூலை முடித்தாக வேண்டிய நெருக்கடி, நடத்தாததையும் நடத்தியதாக எழுதவைக்கும். எல்லாக் குறிப்பேடுகளும் பிழையின்றி ஒன்றுபோல் இருந்தால், அவை கரும்பலகையின் நகல்களே. எனவே பாடம் நடக்கும்போதே நேரில் பார்க்க வேண்டும்.

நடுக்கண்ணியை அளக்காத மதிப்பீடு, அமைப்பின் குறையைக் குழந்தையின் குறையாக எழுதிவிடும்.