க்யூஏ-ன்னா டெஸ்டர் இல்லீங்க

போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, க்யூஏ, க்யூசி, டெஸ்டிங்... மூணும் ஒண்ணுதானே?" என் முதல் வேலையில நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால திட்டு வாங்கினது நான் இல்ல, எங்க டெஸ்டர் அக்கா.

அது ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப். "பில் 500 ரூபாய்க்கு மேல் போனால் 40 ரூபாய் டெலிவரி கட்டணம் கிடையாது" என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் எழுதின வரி இது:

```
if (total > 500) fee = 0;
```

அக்கா 450 போட்டுப் பார்த்தாங்க, 40 ரூபாய் ஏறிச்சு. 600 போட்டாங்க, ஏறல. பாஸ். ரிலீஸ் ஆன அன்னைக்கே, சரியா 500 ரூபாய்க்கு வாங்கினவங்க புகார் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஏன்னா ஆப்ல மார்க்கெட்டிங் வெச்ச பேனர் "500 ரூபாய் முதல் இலவசம்"னு சொல்லுது! மீட்டிங்ல மேனேஜர், "க்யூஏ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு அக்காவைப் பார்த்துக் கேட்டார். அந்த வரியை எழுதின நான் பக்கத்துலயே வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன்.

சரி, எங்கே தப்பு? ஆப்பை ஓட்டி, வர வேண்டியதும் வந்ததும் ஒண்ணான்னு பார்க்கிறது டெஸ்டிங். விதி மாறுகிற எல்லையில் பார்த்திருக்கணும்: 499, 500, 501. 450-ம் 600-ம் எல்லையிலிருந்து தள்ளி இருக்கு. `>` போட்டாலும் `>=` போட்டாலும் ரெண்டும் பாஸ்தான். ஆனா ஒரு விஷயம். அக்கா 500 போட்டிருந்தாலும் 40 ரூபாய் ஏறியிருக்கும். கையில இருந்த காகிதம் "மேல்"னுதானே சொல்லுது? அதுவும் பாஸ்தான்!

புகார் வந்த பிறகு `>=`னு மாத்தினோம், 500-ஐத் திரும்பப் போட்டோம், 450-ம் 600-ம் கெடலையான்னு பார்த்தோம், அப்புறம்தான் ரிலீஸுக்குச் சரின்னு சொன்னோம். உருவான பொருளைச் சோதிச்சு, குறையைச் சரிசெய்து, வெளியே விடலாமான்னு முடிவெடுக்கிற இந்த மொத்த வேலை க்யூசி. டெஸ்டிங் அதுல ஒரு பெரிய பகுதி.

க்யூஏ இந்த பில்டைத் தொடுறதே இல்ல. இந்தக் குறை உள்ளே வந்த வழியைப் பார்க்குது. எங்க விஷயத்துல தேவையை ஒருத்தர் எழுதினார், பேனரை இன்னொருத்தர் எழுதினார், ரெண்டையும் சேர்த்து யாரும் படிக்கல. அதனால ஒரு விதி வெச்சோம்: தேவையில் ஒரு எண் வந்தால், அந்த எண்ணுக்கே ஒரு உதாரணமும் எழுதணும், மார்க்கெட்டிங் அதைப் பார்த்துச் சரின்னு சொல்லணும். "பில் 500, கட்டணம் 0." அது இல்லாம கோடு எழுத ஆரம்பிக்கக் கூடாது. இது அக்கா மட்டும் செய்ற வேலை இல்லை. நானும், தேவை எழுதுறவரும், மார்க்கெட்டிங்கும் சேர்ந்து செய்றது. (அக்காவோட ஐடி கார்டுல என்னவோ "க்யூஏ இன்ஜினியர்"னுதான் இருந்துச்சு!)

அடுத்த தேவை வந்தப்போ உதாரணம் எழுத உட்கார்ந்தோம். அக்கா கேட்டாங்க: "இந்த 500, கூப்பன் கழிச்ச பிறகா, கழிக்கிறதுக்கு முன்னாடியா?" யாருக்கும் பதில் தெரியல. நான் அப்போ ஒரு வரிகூட எழுதியிருக்கல.