சதுர அடியைப் பாருங்கள்

வீட்டைப் புதுப்பித்த ஒருவருக்கு நகராட்சியிலிருந்து புதிய சொத்து வரிக் கேட்பு வந்தது. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டியவருக்கு இப்போது 1,950 ரூபாய். தரைக்கு டைல்ஸ் போட்டார், சமையலறையை மாற்றினார், வர்ணம் அடித்தார். ஒரு சுவர்கூடப் புதிதாக எழுப்பவில்லை.

தமிழ்நாட்டில் வீட்டு வரிக்கு முக்கிய அடிப்படை கட்டடப் பரப்பு. அதோடு தெருவின் மண்டலம், பயன்பாடு போன்றவையும் சேரும். டைல்ஸ் போட்டால் பரப்பு கூடாது.

அவர் பழைய ரசீதையும் புதிய கேட்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் 800 சதுர அடி, புதியதில் 1,300. கட்டாத 500 சதுர அடி மாடி ஒன்று கணக்கில் ஏறியிருந்தது.

உடனே ஆணையருக்கு ஆட்சேபணை மனு எழுதினார். வரிவிதிப்பு எண், இரண்டு பரப்பளவு, செய்த வேலைகளின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் ஒரே கோரிக்கை: “நேரில் அளந்து பரப்பைத் திருத்தித் தாருங்கள்.” பழைய ரசீது, வரைபட அனுமதி, வெறும் மொட்டை மாடியின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்தார். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டார்.

அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பழைய வரியிலும் பாக்கி வைக்கக் கூடாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். புதுப்பிக்கும்போது ஓர் அறையைச் சேர்த்திருந்தாலோ, முன்பக்கத்தைக் கடையாக்கியிருந்தாலோ வரி உயர்வது முறைதான். அங்கே உயர்வையே மறுக்க முடியாது; அளவு சரியா என்று மட்டும் கேட்கலாம்.