ஒரு கோடும் ஒரு புள்ளியும்



சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு திரும்பிய ஒரு பிள்ளையின் மருந்து உறையை லயத்தில் பார்த்தோம். சிறுநீர்க் கிருமிக்குக் கொடுத்த மாத்திரை. எத்தனை நாள் என்ற இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. தம்பிக்காரன் "ஒரு நாள்தான்" என்று வாசித்தான். மறுநாளே மாத்திரையை நிறுத்திட்டாங்க. நாலாம் நாள் குளிர்காய்ச்சல் திரும்ப வந்தது.

அரபு எழுத்தில் பூச்சியம் வெறும் புள்ளி. ஆகவே அது பத்து நாள். அங்கே ஐந்துதான் நம்ம பூச்சியம் மாதிரி வட்டமாக இருக்கும். ஆறு நம்ம ஏழு போலத் தெரியும். பதினைந்தைப் பத்து என்று வாசிப்பதும் இப்படித்தான்.

உறைக்குள் பதினெட்டு மாத்திரை மிச்சம் இருந்தது. தினம் இரண்டு என்றால், ஒரு நாளைக்கு இருபது மாத்திரை யார் கொடுப்பாங்க? எண்ணிப் பார்த்திருந்தால் அப்பவே தெரிஞ்சிருக்கும்.

திரும்ப வரச் சொன்ன திகதியிலும் சிக்கல் உண்டு. வருஷம் 14 என்று தொடங்கி நாலு இலக்கமாக இருந்தால் அது ஹிஜ்ரி கணக்கு. அதில் ஐந்தாம் மாதம் நம்ம மே மாதம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போனில் சொல்லுங்கள்: மருந்து வாங்கும்போதே நாளையும் நேரத்தையும் ஆங்கில இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும். இங்கே வந்துவிட்டால், மாத்திரையோடு உறையையும் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாருங்கள். உறையை வீசிட்டு மாத்திரையை மட்டும் கொண்டு வந்தால் எங்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.