வேரைப் பார்த்து உரமிடுவோம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அடுத்தடுத்த இரு செம்மண் காடுகளில் ஒரே வாரத்தில் விதைத்த நிலக்கடலையை, விதைத்த முப்பத்தைந்தாம் நாள் நாம் பார்வையிட்டோம். ஒன்று கரும்பச்சையாக நின்றது. மற்றதில் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகியிருந்தன. அதன் உரிமையாளர் யூரியா மூட்டையை வரப்பில் இறக்கிவிட்டார். "ஐயா, சற்றுப் பொறுங்கள்; முதலில் வேரைப் பார்ப்போம்" என்றோம்.

செடியைக் கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். ஆகவே மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளி நீரில் மெல்ல அலசினோம். இரு காட்டு வேர்களிலும் கடுகளவு முடிச்சுகள் இருந்தன. நகத்தால் கிள்ளிப் பார்த்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. பச்சைக் காட்டின் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. வெளுத்த காட்டின் முடிச்சு வெண்மையாக இருந்தது.

அச்சிவப்பு, நம் இரத்தத்தின் சிவப்பையொத்த ஒரு பொருளால் உண்டாவது. முடிச்சினுள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற தழைச்சத்தாக மாற்றும்போதுதான் அந்நிறம் காணப்படும். பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரையை அளிக்கிறது. வெள்ளை முடிச்சோ, சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு வேலை செய்யாத கூலியாளைப் போன்றது. காய் முற்றும் பருவத்தில் முடிச்சுகள் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறுவது இயல்பே. ஆதலால் இச்சோதனையை முப்பது முதல் நாற்பத்தைந்து நாட்களுக்குள் செய்தல் வேண்டும்.

நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தை முடிச்சென்று மயங்கலாகாது. வேர்முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும்; உதிராது.

அந்த உழவர் நுண்ணுயிர்ப் பொட்டலம் வாங்கியிருந்தார். ஆனால் பூசணக்கொல்லி மருந்தையும் அதையும் ஒரே தொட்டியில் கலந்து விதைநேர்த்தி செய்துவிட்டார். மருந்து பாக்டீரியாக்களைக் கொன்றது. மண்ணில் முன்பே இருந்த திறன் குறைந்த வகைகளே வேரில் குடியேறின.

முறை இதுதான். முதலில் பூசணக்கொல்லியைக் கலந்து ஒருநாள் வைத்திருங்கள். பிறகு ஒரு ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்றினை, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையின் மேல்தோல் உரியாமல் கலந்து, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் பயன் கெடும். பொட்டலத்தில் பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்குங்கள். உளுந்துக்குரியது நிலக்கடலைக்குப் போதிய பலன் தராது.

இனி, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு துணையைப் பற்றிச் சொல்வோம். மணிச்சத்து மண்ணில் நகர்ந்து வருவதில்லை. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அளவிலுள்ளதை உண்டு தீர்த்ததும் பசித்திருக்கிறது. அப்போது வேரினுள் குடியிருக்கும் வேர்ப்பூசணம், தலைமுடியினும் மெல்லிய இழைகளைப் பல சென்டிமீட்டர் தொலைவுக்கு நீட்டி, மணிச்சத்தைக் கொணர்ந்து கொடுக்கிறது. முடிச்சுகளின் உழைப்புக்கு மணிச்சத்து மிகுதியாகத் தேவைப்படுவதால், வளமற்ற மண்ணில் இவ்விரு துணைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இப்பூசணம் உயிருள்ள வேரில் மட்டுமே வளரும். நிலம் நெடுங்காலம் பயிரின்றித் தரிசாகக் கிடந்தால் அது குறைந்துபோகும். கடுகு, முட்டைக்கோசு இனப் பயிர்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சோளமும் கம்பும் அதனைப் பெருக்குகின்றன. எனவே நிலக்கடலைக்கு முன் தானியப் பயிர் வைப்பது நலம்.

இவ்விரு துணைகளுக்கும் ஒரு குணமுண்டு. யூரியாவை மிகுதியாக இட்டால் முடிச்சுகள் குறையும். மணிச்சத்தை அளவின்றி இட்டால் பூசணம் ஒதுங்கும். தேவையானது தானே கிடைக்கும்போது, செடி சர்க்கரை கொடுத்துத் துணை தேடுவதில்லை. ஆகவே மண் பரிசோதனை சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

அந்த வெளுத்த காட்டுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அப்பயிரின் முடிச்சுகளைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது. எனவே சிறிதளவு யூரியா இடுமாறு கூறினோம். மூட்டை முழுவதையும் அன்று. முடிச்சு சிவந்திருந்து இளந்தளிர்கள் மட்டும் நரம்புகளுக்கிடையே வெளுத்திருந்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியா மருந்தாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. வரும் கடலைப் பட்டத்தில், விதைத்த முப்பத்தைந்தாம் நாள், உங்கள் ஊரில் ஐந்து காடுகளில் வேரை அலசிப் பாருங்கள். வெள்ளை முடிச்சு கண்ட காட்டின் உழவரிடம் விதைநேர்த்தி எவ்வாறு செய்தார் என்று கேட்டறியுங்கள். அடுத்த பட்டத்து விதைப்புக்கு முன் அவரிடம் சரியான முறையை எடுத்துச் சொல்லுங்கள்.