பிழை விழும் இடம்



தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் வரும் பிழைகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். முன்பெல்லாம் இந்தப் பொருளில் கூட்டம் போட்டால், எப்படித் திருத்துவது என்பதுதான் பேச்சாக இருக்கும். இப்போது கேள்வி மாறிவிட்டது. பிழையற்ற ஆங்கிலத்தை இயந்திரம் நொடியில் எழுதித் தருகிறது. அதனால் ‘தி’ விட்டுப்போன கட்டுரை கைக்கு வந்தால், “பரவாயில்லை, பையன் சொந்தமாகத்தான் எழுதியிருக்கிறான்” என்று நம்மில் பலர் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பது என் கட்சி. பிழை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு விடுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் எழுதியது. ஆனால் இங்கே யாருக்கும் புதிதாக இராது. “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கும் முதல் வரியில் பிழை தேடாதீர்கள். அது பள்ளியிலேயே மனப்பாடமானது. சொந்த வாக்கியம் அதற்குப் பிறகுதான் வருகிறது: “எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ஹாஸ்பிடல். டாக்டர் கேவ் டேப்லட். ஐ டுக் தி டேப்லட்.”

‘ஹேட் கான்’ ஏன் வந்தது? ‘நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்’ என்பது தமிழில் இயல்பான பேச்சு. போய்த் திரும்பிய செய்தியைச் சொல்ல, ‘இரு’ என்ற துணைவினையைச் சேர்க்கிறோம். அந்த ‘இருந்தேன்’தான் ஆங்கிலத்தில் ‘ஹேட்’ ஆகிறது. வேறொரு இறந்தகாலச் செயலுக்கும் முந்தியதைச் சொல்லவே ஆங்கிலத்தில் அந்த வடிவம் வேண்டும் என்பது எழுதுபவர் நினைவுக்கு வருவதில்லை.

இனி ‘தி’யைப் பாருங்கள். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. அதனால் தமிழர் எல்லா இடத்திலும் விட்டுவிடுவார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் ‘மாத்திரை கொடுத்தார்’ என்பதற்கும் ‘மாத்திரையைச் சாப்பிட்டேன்’ என்பதற்கும் வேறுபாடு நமக்குத் தெரியும். அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது, ‘ஐ’ உருபு இன்ன பொருள் என்று சுட்டுகிற வேலையையும் பெரும்பாலும் செய்துவிடுகிறது. எழுவாய்க்கு அந்த உதவி இல்லை. ‘டாக்டர்’ எந்த டாக்டராக இருந்தாலும் உருபின்றியே நிற்கிறார். ஆகவே எழுவாயில் ‘தி’ அதிகம் விடுபடும், ‘ஐ’ ஏற்கும் இடத்தில் அவ்வளவாக விடுபடாது என்று எதிர்பார்க்கலாம். நம் கடிதத்தில் டாக்டருக்கு ‘தி’ இல்லை, முதல் டேப்லட்டுக்கு எதுவும் இல்லை, இரண்டாவதற்கு உண்டு. பிழைபோடச் சொல்லி இயந்திரத்தைக் கேட்டு வாங்கிய எழுத்தில், மனப்பாட வரி தப்பி, சொந்த வரி சறுக்கி, உருபுள்ள இடம் மட்டும் நேராக நிற்கிறதா? இதைச் சோதித்துப் பார்க்கும் கட்டுரை ஒன்று இந்த அரங்கில் வந்தால் மகிழ்வேன். (இந்தச் சோதனையில் உயர்திணையைக் கலக்காதீர்கள். ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்று, யாரென்று தெரியாதபோதும் ‘ஐ’ வந்துவிடும்.)

இந்த அடையாளத்துக்கும் எல்லை உண்டு. ‘ஹேட் கான்’ தமிழருக்கு மட்டும் சொந்தமில்லை, இந்திய ஆங்கிலம் முழுவதும் பரவியிருக்கிறது. எழுத்தைக் கொண்டு எழுதியவரின் தாய்மொழியைக் கணிக்கும் பொதுப்போட்டி 2013இல் டோஃபல் கட்டுரைகளை வைத்து நடந்தது. பதினொரு மொழிகளில் தமிழ் இல்லை. இந்தியும் தெலுங்கும் இருந்தன. கருவிகள் அதிகம் குழம்பியது அந்த இரண்டுக்கும் இடையில்தான். வெவ்வேறு குடும்பத்து மொழிகள், ஆனால் இரு தரப்பாரும் படித்தது ஒரே நாட்டு ஆங்கிலம்.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதென்று கருவிகள் சொல்லிவிட்டன. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதா என்பதையே அவை பெரிதும் அளக்கின்றன. சொல்வளம் குறைந்தவர் பழகிய சொற்களையே திரும்ப எழுதுகிறார், மாட்டிக்கொள்கிறார். மனிதர் என்று நாம் நம்புகிற அதே எழுத்தைக் கருவி இயந்திரம் என்கிறது.

கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வராதீர்கள். ‘தி’ வந்திருக்க வேண்டிய மொத்த இடங்கள் எத்தனை, அவற்றில் சரியாக வந்தவை எத்தனை என்பதையும், எழுவாய் வேறு, செயப்படுபொருள் வேறாகப் பிரித்துக் கொடுங்கள். கைப்பேசியின் தானியங்கித் திருத்தம் தொட்ட எழுத்தைத் தனியே வையுங்கள். ஒரே ஒரு பக்கத்தை வைத்து ஒரு மாணவரை மனிதர் என்றோ இயந்திரம் என்றோ தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இந்தத் துறை இன்னும் வளரவில்லை. முதல் அமர்வுக்கு வழிவிடுகிறேன்.