கணக்கில் பிடித்த பணம் பாலிசிக்குப் போய்ச் சேர்ந்ததா?

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு விஷயம். இன்சூரன்ஸ் பிரீமியம் ‘ஆட்டோ டெபிட்’டில் போகுதுன்னு நிம்மதியா இருக்கோம். அது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததான்னு நம்ம போனிலேயே எப்படிப் பார்க்கிறது?

காரைக்கால் மேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிற ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 28-ல் எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி ஒன்று எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. பாலிசி பாண்டின் அட்டவணையில் தவணைப் பிரீமியம் 4,000 ரூபாய். கட்ட வேண்டிய நாட்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 28-ஆம் தேதி.

இப்போது 2025-க்கான பாங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறங்கள். தேடும் இடத்தில் ACH என்று அடியுங்கள். ஆட்டோ டெபிட் வரிகள் பெரும்பாலும் இந்த எழுத்துகளோடுதான் வரும். பக்கத்தில் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கெடு தேதி, பணம் பிடித்த தேதி, தொகை, ரசீதில் உள்ள தவணை.

ஜனவரியில் 4,090 ரூபாய் போயிருக்கிறது. பாண்டில் 4,000தானே, 90 ரூபாய் எதற்கு என்று பதற வேண்டாம். அட்டவணையில் இருப்பது வரி சேராத தொகை. இந்த வகைப் பாலிசிக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து 2.25 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 4,000-க்கு அது 90 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதனால் அக்டோபரில் 4,000 மட்டும் போயிருக்கிறது. தொகை குறைந்ததற்குக் காரணம் அதுதான், தவறு இல்லை.

ஏப்ரலில்தான் சிக்கல். 28-ஆம் தேதியில் ACH என்று ஒரு வரி இருக்கு. ‘போயிடுச்சு’ன்னு விட்டுடுவோம். ஆனா தொகையைப் பாருங்க: 295 ரூபாய். அது பிரீமியம் இல்லை. கணக்கில் போதிய பணம் இல்லாமல் டெபிட் திரும்பியதற்கு பாங்க் போட்ட அபராதம். இந்தக் கட்டணம் பாங்குக்கு பாங்க் மாறும். சில பாங்குகளில் பிரீமியம் பிடித்த மாதிரி ஒரு வரியும், அதே தொகை திரும்பி வந்த மாதிரி இன்னொரு வரியும் வரும். முதல் வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

ஏன் ஏப்ரலில் பணம் இல்லை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வரவு நின்ற நேரத்தில் தவணை வந்திருக்கிறது.

இதை உறுதிப்படுத்துவது ரசீதுதான். எல்.ஐ.சி. இணையதளத்தில் பதிவு செய்தவர்கள் ரசீதை இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தவணைக்குப் பணம் சேர்ந்தது, அடுத்த தவணை எப்போது என்பது அதில் இருக்கும். மே மாதம் பார்க்கும்போதும் அடுத்த தவணை ‘ஏப்ரல் 2025’ என்றே காட்டினால், பணம் சேரவில்லை என்று அர்த்தம். ஸ்டேட்மென்ட் வரிக்கு ஜோடியாக ரசீது இல்லையென்றால் அந்தத் தவணையைக் கட்டியதாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மூன்று மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 30 நாள். ஆக மே 28-க்குள் கிளையிலோ இணையத்திலோ 4,090 ரூபாயைக் கட்டினால் போதும், வட்டி இல்லை. மாதத் தவணை என்றால் 15 நாள்தான். அதையும் தாண்டினால், புதிய பாலிசி காலாவதியாகிவிடும். சில வருடம் கட்டிய எண்டோமென்ட் பாலிசி குறைந்த தொகைக்கு மட்டும் நிற்கும். வீட்டில் ஏதாவது நடந்தால் முழுத் தொகை கிடைக்காது.

இவருக்கு இன்னொரு வழியும் உண்டு. தவணையை ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கேட்கலாம். மாற்றினால் ஜனவரி, ஜூலை மட்டும்தான். தடைக்காலத்தில் தவணையே வராது. ஆனால் ஒரே தடவையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொகை கணக்கில் இருக்க வேண்டும்.

பணம் பிடித்து, திரும்பியும் வராமல், ரசீதும் வரவில்லை என்றால்? அந்த ஸ்டேட்மென்ட் பக்கத்தோடு முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. காரைக்காலுக்கு அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. மாஹேக்காரர்களுக்குக் கொச்சி, ஏனாம்காரர்களுக்கு ஹைதராபாத். ஒரே யூனியன் பிரதேசம்தானே என்று மாற்றி அனுப்பிவிடாதீர்கள்.

கெடு தேதி முடிந்து ஒரு வாரம் கழித்து ரசீது வந்திருக்கான்னு பாருங்க. அப்போ கண்டுபிடிச்சா, சலுகைக் காலம் இன்னும் கையில இருக்கும்.